அந்த ஒரு மணி நேரம்: செபிக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் முழுநேர உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஈரோட்டில் ஒரு தரகு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட முகவராகப் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். குறியீட்டெண் ஒரே நாளில் கடுமையாகச் சரியும்போது நாடு முழுவதும் வர்த்தகத்தை நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கர் விதியைப் பற்றி எழுதுகிறேன். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் வரம்பைக் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெரிய சரிவுக்குப் பிறகும் எழும் குரல்களுக்குச் செவிசாய்க்க வேண்டாம் என்பதும், வர்த்தகம் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சிறு முதலீட்டாளருக்குத் தெரிய வேண்டிய ஒரு செய்தி தெரியாமலே போய்விடுகிறது என்பதும்தான் நான் சொல்ல வந்தவை.

விதி உங்களுடையது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்செக்ஸ், நிஃப்டி 50 ஆகிய இரண்டில் எது முந்தைய நாள் முடிவு நிலையிலிருந்து முதலில் 10 விழுக்காடு ஏறினாலும் இறங்கினாலும், பங்குச் சந்தையும் பங்கு சார்ந்த முன்பேர வர்த்தகமும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கும். அடுத்த வரம்புகள் 15 விழுக்காடும் 20 விழுக்காடும். 2001ஆம் ஆண்டு ஜூலை முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. 10 விழுக்காட்டு வரம்பு பிற்பகல் ஒரு மணிக்கு முன் தொடப்பட்டால் 45 நிமிடம் நிறுத்தம், அதன்பின் எல்லோருடைய ஆர்டர்களையும் சேர்த்து ஒரே திறப்பு விலையைக் காணும் 15 நிமிட ப்ரீ-ஓப்பன் அமர்வு, ஆக மொத்தம் ஒரு மணி நேரம். ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில் என்றால் நிறுத்தம் 15 நிமிடம்தான். இரண்டரைக்குப் பிறகு 10 விழுக்காட்டுக்கு நிறுத்தமே கிடையாது. சந்தை மூடும் நேரம் நெருங்கிவிட்ட நிலையில், அன்றைய கணக்கை அன்றே முடித்தாக வேண்டியவர்களை வெளியே வைத்துக் கதவைப் பூட்டுவது பயத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பதால் இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. 20 விழுக்காட்டைத் தொட்டால் எந்த நேரமானாலும் அன்றைக்குச் சந்தை மூடப்படும்.

விலை இறங்குகிறது என்பதற்காக ஏன் கடையை மூட வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். விலை ஏறும்போதும் இதே விதிதான் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தேர்தல் முடிவுகளை அடுத்து 2009 மே 18 அன்று சந்தை திறந்த வேகத்தில் மேல் வரம்பைத் தாண்டியதால் அன்று வர்த்தகம் நடந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் ஏற்றத்தில் நிற்பதற்கும் இறக்கத்தில் நிற்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இறக்கத்தில் விற்பவர்களில் ஒரு பகுதியினர் தாமாக விற்பதில்லை, அவர்களுடைய பங்குகள் விற்கப்படுகின்றன.

என் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் மார்ஜின், அதாவது பிணைப் பணம், வைத்து ஐந்து லட்சம் ரூபாய் மதிப்புக்கு வாங்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். விலை 10 விழுக்காடு இறங்கினால் அவருக்கு நட்டம் ஐம்பதாயிரம், வைத்த பணத்தில் பாதி. தரகு நிறுவனம் கூடுதல் மார்ஜின் கேட்கும். பணம் வரவில்லை என்றால் அவருடைய கணக்கை ஸ்கொயர் ஆஃப் செய்யும், அதாவது அவரைக் கேட்காமல், கிடைத்த விலைக்கு விற்றுவிடும். அந்த விற்பனையால் விலை இன்னும் இறங்க, இதுவரை தப்பித்திருந்த அடுத்தவருடைய மார்ஜினும் போதாமல் போகிறது. அவருடையதும் விற்கப்படுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் நிறுவனத்தின் தரத்தைப் பற்றியோ பங்கின் மதிப்பைப் பற்றியோ ஒருவரும் யோசிக்கவில்லை. கணினி கணக்குப் பார்த்தது, விற்றது, அவ்வளவுதான்.

எதிர்ப்புறத்தில் வாங்குபவர்களும் காணாமல் போகிறார்கள். டெர்மினலில் ஒரு பங்கின் முதல் ஐந்து வாங்கும் விலைகளும் அவற்றுக்கு நேரே எண்ணிக்கையும் தெரியும். சாதாரண நாளில் ஒவ்வொரு விலைக்கும் ஆயிரக்கணக்கில் நிற்கும் எண்ணிக்கை, இத்தகைய காலை வேளைகளில் இருபது, ஐம்பது என்று கரைந்து, ஐந்து விலைகளுக்கும் இடையில் ரூபாய்க் கணக்கில் இடைவெளி விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில், விலை குறிக்காமல் கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லும் ஒரு மார்க்கெட் ஆர்டர் விழுந்தால் அது பள்ளத்துக்குப் பள்ளம் உருண்டுகொண்டே போகும். வாங்க விரும்புகிறவர் இல்லாமலில்லை. ஆனால் ஒரு மியூச்சுவல் ஃபண்டின் மேலாளர் என்ன நடக்கிறது என்று விசாரித்து, கையில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்று பார்த்து, முடிவெடுக்கச் சிறிது நேரம் ஆகும். கணினிக்கு அந்த நேரம் தேவையில்லை. சர்க்யூட் பிரேக்கர் வாங்கிக் கொடுப்பது அந்தச் சிறிது நேரத்தைத்தான். சரிவைத் தடுப்பது அதன் வேலை அன்று. கேட்ட பணம் வங்கியிலிருந்து வந்து சேரவும், வாங்குபவர் திரும்பி வந்து நிற்கவும் ஓர் அவகாசம் தருவதே அதன் வேலை.

பத்து நாள் இடைவெளியில் நடந்த இரண்டு நிறுத்தங்கள் இதை நன்றாகக் காட்டுகின்றன. 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் நிஃப்டி 9,590இல் முடிந்திருந்தது. காலை வர்த்தகம் தொடங்கிய சுமார் ஐந்து நிமிடங்களில் 10 விழுக்காடு சரிந்து நிறுத்தம் விழுந்தது. 10:20க்கு மீண்டும் திறந்த சந்தை படிப்படியாக ஏறி, 9,955இல் முடிந்தது. அதாவது காலையில் பத்து விழுக்காடு வீழ்ந்த குறியீடு மாலையில் 3.8 விழுக்காடு ஆதாயத்தில் நின்றது. அடுத்தது மார்ச் 23, திங்கட்கிழமை. காலை 9:58க்கு இந்த முறை சென்செக்ஸ் 10 விழுக்காட்டைத் தொட்டது. நிஃப்டி அப்போது அந்த வரம்பை எட்டியிருக்கவில்லை, ஆனால் இரண்டில் ஒன்று தொட்டாலே போதும் என்பதால் எல்லாம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்த சந்தை மீளவில்லை. மேலும் இறங்கி, சென்செக்ஸ் 13.15 விழுக்காடு, அதாவது 3,934 புள்ளிகள் இழந்து 25,981இல் முடிந்தது. ஒரே விதி, ஒரே அளவு அவகாசம், இரண்டு வேறு முடிவுகள். முதல் நாள் விதி வென்றது, இரண்டாம் நாள் தோற்றது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு நாளும் அவகாசம் கிடைத்தது. முதல் நாள் யோசித்தவர்கள் வாங்கினார்கள், இரண்டாம் நாள் யோசித்தவர்கள் விற்றார்கள். ஊரடங்கு ஒவ்வொரு மாநிலமாக அறிவிக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமையில் விற்றவர்களைத் தவறு என்று யாரால் சொல்ல முடியும்?

இனி, வரம்பைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வருகிறேன். 2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை நாளன்று நிஃப்டி ஒரு கட்டத்தில் எட்டரை விழுக்காடு வரை சரிந்தது. 10 விழுக்காட்டைத் தொடாததால் நிறுத்தம் வரவில்லை, மாலையில் ஏறத்தாழ ஆறு விழுக்காட்டு இழப்போடு முடிந்தது. அன்று என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களே, ஐந்து விழுக்காட்டிலேயே நிறுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஐந்து விழுக்காட்டில் நிறுத்திப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. சீனா 2016 ஜனவரி முதல் தன் சிஎஸ்ஐ 300 குறியீட்டுக்கு இத்தகைய விதியைக் கொண்டுவந்தது. 5 விழுக்காடு இறங்கினால் 15 நிமிட நிறுத்தம், 7 விழுக்காடு என்றால் அன்றைக்குச் சந்தை மூடல். விதி நடைமுறைக்கு வந்த முதல் வர்த்தக நாளான ஜனவரி 4 அன்றே இரண்டு வரம்புகளும் தொடப்பட்டுச் சந்தை மூடப்பட்டது. ஜனவரி 7 அன்று நடந்தது இன்னும் மோசம். 9:30க்குத் திறந்த சந்தை 9:42க்கு நின்றது, 9:57க்குத் திறந்தது, அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் 7 விழுக்காட்டைத் தொட்டு நாள் முழுவதற்கும் மூடப்பட்டது. நிறுத்த நேரத்தைக் கழித்தால் அன்று மொத்த வர்த்தகமே கால் மணி நேரம் இல்லை. அன்றிரவே விதியை நிறுத்தி வைத்தார்கள்.

காரணம் எளிது. கதவு மூடப்போகிறது என்று தெரிந்தால் எல்லோரும் கதவை நோக்கி ஓடுவார்கள். 5இல் நின்று திறந்தபோது, 7க்கு இன்னும் இரண்டே விழுக்காடுதான் இருக்கிறது, இப்போது விற்காவிட்டால் இன்று விற்கவே முடியாது என்ற எண்ணமே விற்பனையைக் கூட்டியது. வரம்பு காந்தம்போல விலையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. நம் விதியில் முதல் வரம்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து விழுக்காடு இருக்கிறது, அடுத்த வரம்பைத் தொட்டாலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் என்றால் மீண்டும் திறக்கும் வாய்ப்பு இருக்கிறது. இந்த இடைவெளிதான் மார்ச் 23 அன்று நம்மைக் காப்பாற்றியது. சந்தை மேலும் மூன்று விழுக்காடு இறங்கியும் பூட்டு விழவில்லை, விற்க வேண்டியவர்கள் கடைசி நிமிடம் வரை விற்க முடிந்தது. சீனாவின் விதி நம்மிடம் இருந்திருந்தால் மார்ச் 13 அன்று நிஃப்டி 8,919 அளவில் இருக்கும்போதே அன்றைய கதை முடிந்திருக்கும். வாங்குபவர்கள் திரும்பி வந்த அந்த மதியமே இருந்திருக்காது. அந்த வார இறுதி முழுவதும் நாடு பயத்தோடு காத்திருந்து திங்கட்கிழமை காலையில் மொத்தமாக விற்க வந்திருக்கும். ஆகவே 10, 15, 20 என்ற வரம்புகளில் கைவைக்க வேண்டாம் என்பது என் முதல் விண்ணப்பம்.

இரண்டாவது விண்ணப்பம் நான் நேரில் பட்டது. வர்த்தகம் நின்றதும், நிறைவேறாமல் காத்திருக்கும் எல்லா ஆர்டர்களையும் சந்தையின் கணினி நீக்கிவிடுகிறது. இதன் நியாயம் புரிகிறது. நிறுத்தத்துக்கு முன் பழைய நிலவரத்தைப் பார்த்துப் போட்ட விலைகள், ஒரு மணி நேரம் கழித்துப் புதிய நிலவரத்தில் தானாக நிறைவேறக் கூடாது. எல்லோரும் புதிதாக யோசித்துப் புதிதாக விலை சொல்ல வேண்டும். ஆனால் நீக்கப்பட்டது என்பது ஆர்டர் போட்டவருக்குத் தெரிந்தால்தானே அவர் புதிதாக யோசிப்பார்?

மார்ச் 23 காலையில் என் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம்மிடம் இருந்த ஒரு வங்கியின் 250 பங்குகளுக்கு ஸ்டாப் லாஸ் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை முடிவு விலை 400 ரூபாய். 345க்கு வந்தால் விற்றுவிடுங்கள் என்றார், போட்டுக் கொடுத்தேன். 9:58க்குச் சந்தை நின்றபோது விலை 361. அவருடைய ஆர்டர் உட்பட எல்லாம் நீங்கின. நான் பணிபுரியும் நிறுவனத்தின் செயலியிலிருந்து வர்த்தகம் நிறுத்தப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, ஆர்டர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. என் தொலைபேசி ஓயவில்லை, மார்ஜின் பணம் கட்ட வேண்டியவர்களை அழைத்துக்கொண்டே இருந்தேன், இவரை அழைக்கத் தோன்றவில்லை. அது என் தவறு, மறைக்க விரும்பவில்லை. நண்பகலில் விலை 345ஐக் கடந்து கீழே போனதை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார், நம்முடையது விற்றுப் போயிருக்கும் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். மாலை நான்கு மணிக்கு அழைத்து, பணம் எப்போது கணக்கில் ஏறும் என்று கேட்டபோதுதான் நான் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். விலை 331இல் முடிந்திருந்தது, பங்குகள் டீமேட்டில் அப்படியே இருந்தன. “நான் போட்டதை என்னைக் கேட்காமல் யாரப்பா எடுத்தது?” என்று மட்டும் கேட்டார். வித்தியாசம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், தொகை பெரிதன்று. அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் பெரிது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்டர் நீங்கியது தெரிந்தாலும், ப்ரீ-ஓப்பன் அமர்வில் ஸ்டாப் லாஸ் போட முடியாது, விலை குறித்த லிமிட் ஆர்டரும் மார்க்கெட் ஆர்டரும் மட்டுமே ஏற்கப்படும். வழக்கமான வர்த்தகம் தொடங்கிய பிறகே ஸ்டாப் லாஸை மறுபடி போட வேண்டும். அந்தப் பதினைந்து நிமிட அமர்வு எதற்கு என்பதும் சிறு முதலீட்டாளர் பலருக்குத் தெரியாது, அதனாலேயே அதில் கலந்துகொள்வதில்லை. உண்மையில் பயந்து விற்பவருக்கு அதைவிட நல்ல இடம் அன்று முழுவதும் கிடைக்காது. ஒரு பங்கை 95 ரூபாய்க்கு 300, 93க்கு 400, 90க்கு 500 என்று வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றும், 88க்கு 200, 93க்கு 400, 94க்கு 500 என்று விற்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். எந்த விலையில் அதிக எண்ணிக்கை கைமாறும் என்று கணினி பார்க்கும். 94 என்றால் 300 பங்குகளை வாங்கத்தான் ஆள். 90 என்றால் விற்க 200தான் வரும். 93 என்றால் வாங்க 700, விற்க 600, ஆகவே 600 பங்குகள் கைமாறும். அந்த ஒரே விலை எல்லோருக்கும் பொருந்தும். பதற்றத்தில் 88க்குக் கொடுத்துவிடுகிறேன் என்றவருக்கும் 93 கிடைக்கும். வரிசையாக ஒவ்வொன்றாக நடக்கும் வர்த்தகத்தில், வாங்குபவர் விலகி நிற்கும் நொடியில் அவர் ஆர்டர் போய் விழுந்திருந்தால் 88க்கே போயிருக்கக்கூடும்.

இத்தகைய நுணுக்கங்களைத் திருத்துவது வாரியத்துக்குப் புதிதன்று. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாகப் போன ஆர்டர்களால் நிஃப்டி நொடிகளில் பதினைந்தரை விழுக்காடு சரிந்தபோது, 10 விழுக்காட்டில் நிற்க வேண்டிய சந்தை அதைத் தாண்டிப் போன பிறகே நின்றது. அதன்பின், குறியீட்டில் உள்ள பங்குகளில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் வரம்பைச் சரிபார்க்க வேண்டும் என்று 2013இல் உத்தரவிட்டீர்கள். திறப்பதற்கு முன் ப்ரீ-ஓப்பன் அமர்வு நடத்தும் இன்றைய நேர அட்டவணையும் அதே ஆண்டு வந்ததுதான். கணினிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டீர்கள். மனிதருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

சந்தை தழுவிய நிறுத்தத்தால் யாருடைய ஆர்டர் நீக்கப்படுகிறதோ, அவருக்கு நிறுத்தம் தொடங்கிய பத்து நிமிடங்களுக்குள் குறுஞ்செய்தி போய்ச் சேர வேண்டும் என்று ஆணையிடுங்கள். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை, அது இப்போது நடப்பில் இல்லை, ப்ரீ-ஓப்பன் எத்தனை மணிக்கு, வழக்கமான வர்த்தகம் எத்தனை மணிக்கு, ஸ்டாப் லாஸ் எப்போது முதல் ஏற்கப்படும் என்ற விவரங்கள் மட்டும் போதும். அது வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் இருக்க வேண்டும். நாள்தோறும் நடந்த வர்த்தகங்களை முதலீட்டாளரின் கைபேசிக்கு அனுப்பும் ஏற்பாடு சந்தைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, எண்களும் பதிவில் உள்ளன. நடந்ததைச் சொல்லும் அந்த ஏற்பாடே நடக்காமல் போனதையும் சொல்லலாம்.

அதோடு ஒட்டிய ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்த நேரத்தில் மார்ஜின் பணம் அனுப்பிவிட்டவரின் பங்குகளை, அந்தப் பணம் தரகரின் கணக்கில் வரவு காட்டப்படத் தாமதமானது என்ற காரணத்துக்காக ப்ரீ-ஓப்பன் அமர்வில் மார்க்கெட் ஆர்டராக விற்றுவிடக் கூடாது என்று தெளிவுபடுத்துங்கள். அவகாசம் கொடுத்ததே அந்தப் பணம் வந்து சேருவதற்காகத்தானே.

தலைமையாசிரியர் இன்னும் என் வாடிக்கையாளராகத்தான் இருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு சந்தை மூன்று விழுக்காடு இறங்கினாலே என்னை அழைத்து, “ஆர்டர் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறார். பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பங்குச் சந்தை முகவர் ஒருவர்,
ஈரோடு.